ஒரு திறப்பு, இரண்டு குடும்பம்: 45 ஸ்லைடைப் பத்து நிமிடத்துக்குள் கொண்டுவருவது

கேள்வி: "திருகோணமலையில் ஒரு மீட்டப்பில் அடுத்த மாதம் 10 நிமிடம் கதைக்கக் கேட்டிருக்கிறார்கள். என்னிடம் இருப்பது 50 நிமிட வகுப்புக்குச் செய்த 45 ஸ்லைட். கெஸ்ட் ஹவுஸ் புக்கிங், தரவுத்தள டிரான்ஸாக்‌ஷன் பற்றியது. வெட்டி வெட்டிப் பார்த்தும் 25க்குக் கீழே போகவில்லை. எதை வெட்டுவது? ஒரே கதையாகவும் இருக்க வேண்டுமாம். ஸ்லைடுகளைப் படமாகப் போட்டிருக்கிறேன்."

வெட்டத் தொடங்கியதுதான் சிக்கல். 45 ஸ்லைடையும் முன்னால் பரப்பி வைத்துக்கொண்டு எது வேண்டாம் என்று பார்த்தால் ஒவ்வொன்றும் தன் நியாயத்தைச் சொல்லும். கஷ்டப்பட்டுச் செய்த ஸ்லைட், அழகான படம், மாணவர்கள் விரும்பிய உதாரணம் என்று ஏதாவது ஒன்று இருக்கும். கடைசியில் 25 மிஞ்சும். அந்த 25உம் பழைய வகுப்பின் வரிசையிலேயே நிற்கும், நடுவில் ஓட்டைகளோடு. எனக்கு இது பட்டுத் தெரிந்த விஷயம். சில வருடங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில், பெறுபேறு வந்த இரவில் விழுந்துபோன ஒரு இணையத்தளத்தைப் பற்றிக் கதைக்கப் போனேன். 40 ஸ்லைடை 22 ஆக்கியிருந்தேன். ஏழாவது நிமிடத்திலும் "சேர்வர் என்றால் என்ன செய்கிறது" என்பதிலேயே நின்றேன். அப்புறம் "இதை விடுவோம், இதையும் விடுவோம்" என்று எட்டு ஸ்லைடை ஓட்டிவிட்டு நன்றி சொன்னேன். கேள்வி நேரத்தில் பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை கேட்டது ஒன்றுதான்: "சேர், அந்தப் பிள்ளைகளுக்குக் கடைசியில் எத்தனை மணிக்குப் பெறுபேறு பார்க்கக் கிடைத்தது?" எனக்குத் தெரியவில்லை. 22 ஸ்லைடிலும் அது இல்லை.

உங்கள் படங்களை இரண்டு தரம் பார்த்தேன். வரிசை இப்படி இருக்கிறது. நிறுவன அறிமுகம் 3, டிரான்ஸாக்‌ஷன் என்றால் என்ன 5, ஆசிட் பண்புகள் 4, ஐசொலேஷன் நிலைகள் 6, எம்விசிசி 5, லொக் வகைகள் 6, டெட்லொக் 4. இத்துடன் 33. அதற்குப் பிறகு 34, 35 இரண்டிலும்தான் "உண்மைச் சம்பவம்" வருகிறது. உப்புவெளியில் ஒரு கெஸ்ட் ஹவுஸ், நாலாம் இலக்க அறை, சனிக்கிழமை மத்தியானம், ஒரே அறைக்குப் பணம் கட்டிய இரண்டு குடும்பங்கள் வாசலில். அதை எப்படித் திருத்தினீர்கள் என்பது 36 தொடக்கம் 40 வரை. பிறகு வரைபடம் 3, பாடங்கள் 1, நன்றி 1.

வகுப்புக்கு இந்த வரிசை சரி. 50 நிமிடம் இருக்கிறது, எதிரில் இருப்பவர்கள் பரீட்சை எழுதப் போகிறவர்கள், முதலில் கருத்து, பிறகு உதாரணம். மீட்டப்புக்கு வருபவருக்கு அந்தக் கடமை இல்லை. வேலை முடித்து, ஒரு தேநீரோடு வந்து உட்கார்ந்திருப்பார். உங்களுக்கு முன்னால் ஒருவர் கதைத்திருப்பார், பின்னால் இன்னொருவர் இருப்பார். ஆகவே உங்கள் பேச்சு 34ஆம் ஸ்லைடில் தொடங்குகிறது. முதல் 33 ஸ்லைடும் அந்தச் சம்பவத்தில் கூப்பிட்டால் மட்டும், கூப்பிட்ட இடத்தில், ஒரு வசனமாக வந்துவிட்டுப் போகலாம். எல்லா ஸ்லைடையும் மூடிவிட்டு ஒரு வெள்ளைத்தாளை எடுங்கள். முதலில் கதை, பிறகு அதற்கு எத்தனை ஸ்லைட் தேவை என்ற கணக்கு.

தாளில் எழுத வேண்டியது நடந்தது மட்டும். நான் உங்கள் 34 தொடக்கம் 40 வரை உள்ளதை வைத்து எழுதிப் பார்த்தேன். ஒரு அறைக்கு இரண்டு குடும்பம் வந்துவிட்டது. காரணம், இருவரும் ஒரே செக்கனில் புக் பண்ணினார்கள். அறை காலியா என்று மென்பொருள் பார்த்தபோது இருவருக்குமே காலி என்றது. அதனால் பார்ப்பதையும் பதிவதையும் ஒரே டிரான்ஸாக்‌ஷனுக்குள் போட்டீர்கள். ஆனால் அடுத்த கிழமையும் அதே கூத்து. அதனால் `FOR UPDATE` போட்டுப் பூட்டினீர்கள். ஆனால் பூட்டுவதற்கு அங்கே வரியே இருக்கவில்லை. அதனால் காலியா என்று பார்க்கும் வேலையை மென்பொருளிடமிருந்து பிடுங்கித் தரவுத்தளத்திடமே கொடுத்தீர்கள். இப்போது இரண்டாவது ஆளுக்குப் பணம் கட்ட முன்பே "அறை போய்விட்டது" என்று வருகிறது.

இதில் "அதனால்", "ஆனால்" இரண்டும் மாறி மாறி வருவதைப் பாருங்கள். கதையின் நூல் என்று நான் சொல்வது அதைத்தான். ஒரு ஸ்லைடுக்கும் அடுத்ததற்கும் இடையில் இந்த இரண்டில் ஒன்றைச் சொல்ல முடிகிறதா என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். "அடுத்து", "இன்னொரு விஷயம்", "அதோடு" என்று வந்தால் நூல் அறுந்த இடம் அது. தமிழில் இதைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் கஷ்டம். "போட்டு, பார்த்து, பிறகு வந்து" என்று வினையெச்சத்தால் எதையும் எதோடும் கோத்துக்கொண்டே போகலாம், காதுக்குத் தொடர்ச்சியாகவே கேட்கும். அதனால் வினையெச்சத்தை வெட்டி, வசனத்தை முற்றுப்புள்ளியில் முடித்து, புது வசனத்தை அந்தச் சொல்லில் தொடங்கிப் பாருங்கள். உங்கள் டெட்லொக் பகுதியை இப்படிச் சோதித்தேன். "அடுத்து டெட்லொக்" என்பதைத் தவிர வேறு எதுவும் வரவில்லை. நாலு நல்ல ஸ்லைட். ஆனால் அந்தச் சனிக்கிழமை டெட்லொக் எதுவும் நடக்கவில்லையே.

இனி நேரம். பத்து நிமிடம் என்றால் உங்களுக்குக் கிடைப்பது எட்டரை என்று வையுங்கள். வயர் மாட்டுவது, ஒருவர் உங்களை அறிமுகம் செய்வது, யாராவது சிரிப்பது எல்லாம் மீதியைத் தின்றுவிடும். ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 130 தொடக்கம் 150 சொல் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். அதைத் தமிழுக்கு எடுக்காதீர்கள். வேற்றுமையும் விகுதியும் ஒட்டி நம்முடைய சொல் நீளமானது. ஆங்கிலத்தில் மூன்று சொல்லாக வருவது இங்கே ஒன்றாக வந்துவிடும். நான் ஆறுதலாகக் கதைத்தால் நிமிடத்துக்குத் தொண்ணூறு சொல் வரும். உங்களுடையது வேறாக இருக்கலாம். போனில் இரண்டு நிமிடம் பதிந்து எண்ணிப் பாருங்கள். என் கணக்கில் எட்டரை நிமிடத்துக்கு 760 சொல் சொச்சம், அதாவது இரண்டு பக்கம்கூட நிறையாது. அந்த இரண்டு பக்கத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் எதை வெட்டுவது என்ற கேள்வியே மாறிவிடும்.

பேச்சை இப்படிப் பிரிப்பேன். முதல் ஒரு நிமிடம் வாசல்: மத்தியான வெயில், பயணப் பையோடு இரண்டு குடும்பம், கவுண்டரில் ஒரே ஒரு திறப்பு. "வணக்கம், என் பெயர் இன்னது, நான் வேலை செய்யும் நிறுவனம்" என்பதெல்லாம் அதற்கு முன் வேண்டாம். பெயரைக் கூட்டத்தை நடத்துபவரே சொல்லியிருப்பார். அடுத்த ஒன்றரை நிமிடம், உள்ளே நடந்தது என்ன என்பது. இதற்கு ஒரு ஸ்லைட் போதும். இடது பக்கம் முதல் ஆள், வலது பக்கம் இரண்டாவது ஆள், நடுவில் நேரம் மேலிருந்து கீழாக. 11:02:07க்கு இடது பக்கம் `SELECT`, காலி. அதே 11:02:07க்கு வலது பக்கம் `SELECT`, காலி. 11:02:08க்கு இரண்டு பக்கமும் `INSERT`. இந்தப் படம் ஒரு சொல்லும் இல்லாமல் விளங்கும். நம் கூட்டங்களில் சிங்களம் பேசும் நண்பர்களும் இருப்பார்கள், பேச்சு தமிழில் ஓடும்போது அவர்கள் பிடித்துக்கொள்வது இப்படியான படத்தைத்தான்.

பிறகு ஒன்றரை நிமிடம் முதல் திருத்தமும் அது தோற்றதும். உங்கள் ஐசொலேஷன், எம்விசிசி பதினொரு ஸ்லைடும் இங்கேதான் கூப்பிடப்படுகின்றன. அவை இங்கே ஒரு வசனமாக வரும்: "போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் வழமையான அமைப்பில், மற்ற ஆள் கமிட் பண்ணாத வரி என் கண்ணுக்குத் தெரியாது." அவ்வளவுதான். `BEGIN`, `COMMIT` போட்டும் ஏன் இருவருக்கும் காலி என்றே தெரிந்தது என்பது இந்த வசனத்திலேயே விளங்கிவிடுகிறது. நாலு நிலைகளின் பெயர், எந்த நிலையில் எது நடக்கும் என்ற அட்டவணை எதுவும் வேண்டியதில்லை. "பதினொரு ஸ்லைட் உழைப்பை ஒரு வசனமாக்குவதா" என்று மனம் அடித்துக்கொள்ளும், எனக்கும் அடித்துக்கொண்டது. ஆனால் அந்தப் பதினொன்றையும் நீங்கள் செய்திருக்காவிட்டால் இந்த வசனத்தை இவ்வளவு சரியாகச் சொல்லியிருக்க முடியாது.

அடுத்த ஒன்றரை நிமிடம் இரண்டாவது திருத்தம். எனக்குப் பிடித்த இடம் இது. பேச்சின் திருப்பமும் இதுவே. `FOR UPDATE` இருக்கிற வரியைத்தான் பூட்டும். அந்த அறைக்கு அந்த நாளில் இன்னும் புக்கிங்கே இல்லை, ஆகவே வரியும் இல்லை, பூட்டவும் ஒன்றுமில்லை. பஸ்ஸில் ஜன்னலால் லேஞ்சியை எறிந்து சீட் பிடிப்பது எல்லோருக்கும் தெரியும். பஸ்ஸே இன்னும் ஸ்டாண்டுக்கு வரவில்லை என்றால் லேஞ்சியை எங்கே எறிவது? இப்படி ஒரு உவமை போதும். இரண்டாவது உவமை கொண்டுவந்தால் ஆட்கள் உவமைகளை ஒப்பிடத் தொடங்கிவிடுவார்கள்.

ஐந்தரையிலிருந்து ஏழரை வரை கடைசித் திருத்தம். பேச்சிலேயே கோட் தெரியும் ஸ்லைட் இது ஒன்றுதான். உங்கள் 37ஆம் ஸ்லைடில் 19 வரி இருக்கிறது. அதில் கதைக்கு வேண்டியது இவ்வளவே:

```sql
ALTER TABLE booking
  ADD CONSTRAINT no_double_booking
  EXCLUDE USING gist (room_id WITH =, stay WITH &&);
```

கடைசி வரியைத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள்: "அறை இலக்கம் ஒன்றாகவும், தங்கும் நாட்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுவதாகவும் இருந்தால் ஏற்காதே." சமன் குறியைச் சொல்லும்போது சமன் குறியையும், `&&` ஐச் சொல்லும்போது அதையும் விரலால் காட்டினால் போதும். இதற்கு `btree_gist` என்ற நீட்சி வேண்டும், `stay` என்பது `daterange` வகை நிரல். இந்த இரண்டையும் வாயால் சொன்னால் சரி. ஒன்றை மட்டும் விடாதீர்கள்: 10ஆம் திகதியிலிருந்து 12 வரை என்று `daterange` எழுதினால் வழமையில் 12 அதற்குள் அடங்காது, ஆகவே ஒருவர் 12ஆம் திகதி காலை போக, மற்றவர் அன்று பின்னேரம் வந்தால் மோதாது. கெஸ்ட் ஹவுஸ் வைத்திருப்பவர் யாராவது கூட்டத்தில் இருந்தால் அவருக்கு முதலில் எழும் சந்தேகம் அதுதான்.

கடைசி ஒரு நிமிடம் திரும்பவும் வாசலுக்கு. இப்போது இரண்டாவது ஆள் பொத்தானை அழுத்துகிறார். தரவுத்தளம் முதல் ஆள் முடிக்கும் வரை அவரை நிறுத்தி வைத்து, பிறகு `23P01` என்ற பிழையைக் கொடுக்கிறது. உங்கள் மென்பொருள் அதைப் பிடித்து, "இந்த அறை இப்போதுதான் போய்விட்டது, ஐந்தாம் இலக்கம் காலி" என்று காட்டுகிறது. அந்தத் திரையின் படத்தைப் போட்டு நிறுத்துங்கள். "பாடங்கள்" ஸ்லைட் வேண்டாம். திரையைப் பார்த்ததும் அவர்களே எடுத்துக்கொள்வார்கள்.

எண்ணிப் பார்த்தால் எட்டு அல்லது ஒன்பது ஸ்லைட் வருகிறது. அந்த எண்ணை ஒரு விதியாக எடுக்காதீர்கள். ஒரே படத்தை வைத்துப் பத்து நிமிடமும் பிடித்து வைத்தவர்களைக் கண்டிருக்கிறேன், நாற்பது படத்தை அழகாக ஓட்டியவர்களையும் கண்டிருக்கிறேன். யாராவது பெச்சாகுச்சா முறையைப் பரிந்துரைக்கலாம்: 20 ஸ்லைட், ஒவ்வொன்றுக்கும் 20 செக்கன், தானாக மாறும், மொத்தம் 6 நிமிடம் 40 செக்கன். 2003இல் டோக்கியோவில் இரண்டு கட்டடக்கலைஞர்கள் தொடங்கியது. படம் காட்டிக் கதைப்பவர்களுக்கு அது நல்ல கடிவாளம். உங்கள் மூன்று வரி கோட் ஸ்லைடுக்கு இரண்டு நிமிடம் வேண்டும், நேர அட்டவணைப் படத்துக்கு ஒன்றரை நிமிடம் வேண்டும். தானாக மாறும் ஸ்லைடோடு அது ஒத்துவராது.

நேரடியாகச் செய்துகாட்டுவதா என்பதில் எனக்கு இன்னும் இரண்டு மனம். இரண்டு `psql` சன்னலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டாவதில் `INSERT` அடித்ததும் அது அசையாமல் காத்து நிற்பதைக் காட்டினால் அந்த அமைதியில் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் விரல் தவறி ஒரு எழுத்துப் பிழைத்தால் ஒரு நிமிடம் போய்விடும், எட்டரை நிமிடத்தில் அது பெரிய துண்டு. நானாக இருந்தால் 40 செக்கனுக்கு அதைத் திரையில் பதிந்து கொண்டுபோய், ஒலியில்லாமல் ஓடவிட்டு மேலே கதைப்பேன். கை பழகியவர் நேரிலேயே செய்யலாம், அதில் பிழை சொல்ல மாட்டேன்.

வெட்டியதை எறிந்துவிடாதீர்கள். நன்றிக்குப் பின்னால் நாலைந்து ஸ்லைடாக ஒளித்து வையுங்கள். கூட்டத்தில் விஷயம் தெரிந்த ஒருவர் இருப்பார். "சீரியலைசபிள் நிலையில் போட்டிருந்தால் போதுமே?" என்று கேட்பார். போதும்தான், ஆனால் `40001` பிழை வரும்போது திரும்ப முயலும் கோட் வரிகளையும் எழுத வேண்டும். "அறை அட்டவணையில் உள்ள வரியை `FOR UPDATE` பண்ணியிருக்கலாமே?" என்பார். அதுவும் சரி, எல்லா இடத்திலும் மறக்காமல் பூட்டினால். "ஏற்கனவே மோதும் புக்கிங் உள்ளே இருந்தால்?" அப்படியென்றால் அந்த `ALTER TABLE` ஓடாது, முதலில் அவற்றைத் தீர்க்க வேண்டும். இந்த மூன்றுக்கும் உங்கள் பழைய ஸ்லைட் இருக்கிறது. பவர்பொயின்டில் காட்டிக்கொண்டிருக்கும்போது ஸ்லைட் இலக்கத்தை அடித்து என்டர் தட்டினால் நேரே அங்கே போகும். இலக்கங்களை ஒரு சிறு துண்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒத்திகையில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். "இதை விரைவாகச் சொல்லிவிடுகிறேன்", "இதைப் பிறகு பார்ப்போம்" என்று வாய் தானாகச் சொல்லும் இடம் எல்லாம் நூலில் இல்லாத இடம், அந்த ஸ்லைடை எடுங்கள். மற்றது, கம்ப்யூட்டர் பக்கம் போகாத ஒருவருக்குச் சொல்லிக்காட்டி, அடுத்த நாள் அவரிடமே கேளுங்கள். நான் மேலே சொன்ன தோல்விக்குப் பிறகு என் அக்காவைத்தான் பிடித்து வைத்துச் சொல்வேன். ஒரு தரம் மறுநாள் கேட்டபோது, "நீ மூன்று வழி சொன்னாய், மூன்றாவது நல்லதாம்" என்றார். அது பட்டியல், கதையில்லை. இரண்டு இடத்தில் "ஆனால்" போட்டுத் திருத்திச் சொன்ன பிறகு, "பூட்டப் போனால் கதவே இல்லையாமே" என்று சிரித்தார். தொழில்நுட்பம் எவ்வளவு சரியாகப் போய்ச் சேர்ந்தது என்பதை அக்காவால் சொல்ல முடியாது. அதற்கு உங்கள் அலுவலகத்தில் ஒருவரிடம் தனியாகச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

நான் பார்த்துப் பழகியதெல்லாம் முப்பது நாற்பது பேர் வரும் கூட்டங்கள், மைக் இல்லாமலே கேட்கும் அறைகள். ஐந்நூறு பேர் மண்டபத்தில் அந்த முதல் நிமிடத்தை வேறு விதமாகத் தொடங்க வேண்டியிருக்கலாம். உங்கள் ஸ்லைடுகளையும் படமாகத்தான் பார்த்தேன், நீங்கள் வாயால் என்ன சேர்த்துச் சொன்னீர்கள் என்பது எனக்குத் தெரியாது. 20ஆம் ஸ்லைடில் நீங்கள் சொல்லும் ஏதோ ஒன்று கதைக்குத் தேவைப்படலாம், அதை நீங்களே தீர்மானியுங்கள்.

ஒன்று மட்டும் 45 ஸ்லைடிலும் தேடியும் கிடைக்கவில்லை. அன்று திறப்புக் கிடைக்காத அந்த இரண்டாவது குடும்பம் இரவு எங்கே தங்கியது? கெஸ்ட் ஹவுஸ்காரரிடம் ஒரு தரம் போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள். பின்வரிசையில் இருந்து யாராவது கேட்பார்கள்.